வைட்டமின் டி 118 என்று வந்தால் சந்தோஷப்படலாமா?

வணக்கம் டாக்டர். அம்மாவுக்கு 66 வயது. முழங்கால் வலி என்று போனபோது, ஒன்றரை வருடத்துக்கு முன்பு, காலையும் இரவும் ஒரு கால்சியம் மாத்திரை, வாரம் ஒரு தடவை வைட்டமின் டி 60,000 யூனிட் என்று எழுதிக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து ஒரு வாரம்கூட விட்டதில்லை. இது போக, வயதானவர்களுக்கான மல்டிவைட்டமின் ஒன்றும், நெஞ்செரிச்சலுக்குச் சப்பும் மாத்திரை தினமும் மூன்றும் சாப்பிடுகிறார். பிரஷருக்கும் தைராய்டுக்கும் பல வருடமாக மாத்திரை உண்டு. இரண்டு மாதமாக மலச்சிக்கல், சோர்வு, பசியின்மை, தாகம். ராத்திரியில் நாலு தடவை எழுந்து பாத்ரூம் போகிறார். சர்க்கரை பார்த்தோம், இல்லை. போன வாரம் வைட்டமின் டி பார்த்ததில் 118 என்று வந்தது. "எலும்பு இரும்பு மாதிரி இருக்கு" என்று அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். எனக்குத்தான் பயமாக இருக்கிறது. நிறுத்தினால் எலும்பு தேய்ந்துவிடுமா? எனக்கு 39. நானும் இப்போதே ஆரம்பித்துவிடுவது நல்லதா? எல்லா லேபிளையும் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன்.

உங்கள் பயம் சரியான பயம்தான். காரணத்தை அப்புறம் பேசலாம், இன்றைக்கு என்ன செய்ய வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வைட்டமின் டி, கால்சியம், மல்டிவைட்டமின், நெஞ்செரிச்சலுக்கான சப்பும் மாத்திரை, இந்த நான்கையும் இன்றே நிறுத்துங்கள். இவற்றைத் திடீரென நிறுத்துவதால் உங்கள் அம்மாவுக்கு எந்தக் கெடுதலும் வராது. பிரஷர் மாத்திரையையும் தைராய்டு மாத்திரையையும் நீங்களாக நிறுத்த வேண்டாம், ஆனால் பிரஷர் மாத்திரையைப் பற்றி நாளைக்கே உங்கள் டாக்டரிடம் பேச வேண்டியிருக்கிறது, ஏன் என்று கீழே வருகிறது. நாளையோ அதிகபட்சம் மறுநாளோ ரத்தத்தில் கால்சியம், ஆல்புமின், கிரியேட்டினின், சோடியம், பொட்டாசியம், பாஸ்பரஸ், பி.டி.எச். என்கிற பாராதைராய்டு ஹார்மோன், தைராய்டுக்கான டி.எஸ்.எச். ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். இதற்கு நடுவில் வாந்தி, பேச்சில் குழப்பம், கூப்பிட்டால் சரியாகக் கண் விழிக்காத தூக்கம், படபடப்பு, சிறுநீர் திடீரென குறைவது, இதில் ஏதாவது ஒன்று வந்தாலும் ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் எமர்ஜென்சிக்கு அழைத்துப் போங்கள்.

இப்போது நீங்கள் அனுப்பிய லேபிள்களுக்கு வருவோம். இந்தக் கணக்கை யாருமே போட்டுப் பார்ப்பதில்லை. எழுதிக் கொடுத்த டாக்டருக்கு மல்டிவைட்டமின் பற்றித் தெரியாது, மல்டிவைட்டமின் வாங்கிக் கொடுத்தவருக்கு 60,000 யூனிட் பற்றித் தெரியாது, சப்பும் மாத்திரையை யாரும் கால்சியம் என்றே நினைப்பதில்லை.

கால்சியம் மாத்திரையின் முன்பக்கம் 1250 மி.கி. கால்சியம் கார்பனேட் என்று போட்டிருக்கிறது. அது உப்பின் எடை. கார்பனேட் உப்பில் 40 சதவீதம்தான் கால்சியம், ஆக ஒரு மாத்திரையில் உண்மையில் இருப்பது 500 மி.கி. லேபிளில் சின்ன எழுத்தில் 'எலிமென்டல் கால்சியம்' என்று இருக்கிறதே, பார்க்க வேண்டியது அந்த எண்ணைத்தான். சிட்ரேட் வகை மாத்திரையாக இருந்தால் எடையில் 21 சதவீதம்தான் கால்சியம். இதை வைத்து இரண்டு பக்கமும் தப்புக் கணக்கு நடக்கும், சிலர் 1250 சாப்பிடுவதாக நினைத்து 500 சாப்பிடுவார்கள், சிலர் 500 என்று நினைத்துக்கொண்டு அதைப்போல இரண்டு மடங்கு சாப்பிடுவார்கள்.

அம்மாவின் கணக்கு இதுதான். இரண்டு மாத்திரையில் 1000 மி.கி., மல்டிவைட்டமினில் 200. சப்பும் மாத்திரை ஒவ்வொன்றிலும் 500 மி.கி. கால்சியம் கார்பனேட், அதாவது 200 மி.கி. கால்சியம், மூன்றுக்கு 600. மாத்திரைகளிலிருந்து மட்டும் 1800 ஆகிவிட்டது. பால் பொருட்களும் மற்ற சாப்பாடும் சேர்ந்து சாதாரணமாக 500, 600 வரை வரும் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 2300க்கு மேல். 50 வயது தாண்டிய பெண்ணுக்குத் தேவை ஒரு நாளைக்கு 1200 மி.கி., அதுவும் சாப்பாட்டையும் சேர்த்து. தாண்டக்கூடாத எல்லை என்று 2011இல் அமெரிக்க மருத்துவக் கழகம் வகுத்தது, அந்த வயதுக்கு 2000 மி.கி.

வைட்டமின் டி பக்கம் இன்னும் மோசம். வாரத்துக்கு 60,000 என்றால் ஒரு நாளைக்கு 8,500 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். கால்சியம் மாத்திரை ஒவ்வொன்றிலும் 250 யூனிட் டி சேர்ந்தே இருக்கிறது, அது 500. மல்டிவைட்டமினில் 1000. கூட்டினால் தினம் சுமார் 10,000 யூனிட். தேவை 600, எழுபது வயதுக்கு மேல் 800. டாக்டர் கண்காணிப்பு இல்லாமல் நீண்ட நாள் சாப்பிடுவதற்கான மேல் எல்லை 4000. வாரம் 60,000 என்பது குறைபாடு உள்ளவருக்கு எட்டு வாரத்தில் இருப்பை நிரப்புவதற்கான அளவு, நிரம்பிய பிறகு தினம் ஆயிரம் யூனிட் பக்கம் இறக்கிவிட வேண்டும். சீட்டில் அந்த 'எட்டு வாரம்' எழுதப்படாமல் போயிருக்கலாம், எழுதியும் யாரும் கவனிக்காமல் விட்டிருக்கலாம். எப்படியிருந்தாலும் எட்டு வாரச் சிகிச்சை ஒன்றரை வருடம் ஓடியிருக்கிறது. இந்தத் துறையில் நான் பார்க்கும் வைட்டமின் நச்சுகளில் பெரும்பாலானவை இப்படி, நல்ல மருந்துக்கு முடிவுத் தேதி இல்லாமல் போனதால் வந்தவைதான்.

சரி, 118 என்ன சொல்கிறது? மில்லிலிட்டருக்கு நானோகிராம் கணக்கில் 20க்கு மேல் இருந்தால் பெரும்பாலானவர்களின் எலும்புக்கு அது போதும். வெளிப்படையான நச்சு பொதுவாக 150ஐத் தாண்டியவர்களிடம்தான். ஆகவே 118ஐ மட்டும் வைத்து நச்சு என்று நான் சொல்லிவிட மாட்டேன். ஆனால் டி அதிகமாக இருப்பது நேரடியாக ஆளைப் படுத்துவதில்லை, அது ரத்தத்தில் ஏற்றிவிடும் கால்சியம்தான் படுத்தும், அதைத்தான் நீங்கள் இன்னும் பார்க்கவில்லை. கால்சியம் நார்மலாக இருந்தால் 118 என்பது ஓர் எச்சரிக்கை, அவ்வளவுதான். கால்சியம் ஏறியிருந்தால் அதே 118 ஒரு நோய்.

நீங்கள் சொன்ன தொந்தரவுகளைப் பார்த்தால் ஏறியிருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. ரத்தத்தில் கால்சியம் கூடினால் சிறுநீரகம் தண்ணீரைத் திருப்பி இழுத்துக்கொள்ளும் வேலையைச் சரியாகச் செய்யாது, தண்ணீரைப் பிடித்து வைக்கச் சொல்லும் ஹார்மோனின் பேச்சைக் கேட்காமல் போய்விடும். அதனால்தான் சர்க்கரை இல்லாமலேயே சர்க்கரை நோயாளி மாதிரி அடிக்கடி சிறுநீர், தாகம். தண்ணீர் இப்படி வெளியே போகப் போக உடம்பு வற்றும், வற்றிய உடம்பில் சிறுநீரகம் உப்பை இழுத்துப் பிடிக்கும்போது கூடவே கால்சியத்தையும் இழுத்துக்கொள்ளும், கால்சியம் இன்னும் ஏறும். ஒரு கட்டத்துக்கு மேல் இந்தச் சுழல் தானாகவே ஓடும். குடல் தசைகள் மந்தமாவதால் மலச்சிக்கலும் பசியின்மையும். மூளையும் கொஞ்சம் மந்தமாகும், வீட்டில் அதை 'வயசாயிடுச்சு, சோர்வா இருக்காங்க' என்று விட்டுவிடுவார்கள்.

அந்தப் பிரஷர் மாத்திரை இங்கேதான் வருகிறது. படத்தில் அதன் கலவையில் ஹைட்ரோகுளோரோதயசைடு இருப்பதைப் பார்த்தேன். அது நல்ல மருந்து, பலருக்கு நானே எழுதுகிறேன். ஆனால் அது சிறுநீரில் கால்சியம் வெளியேறுவதைக் குறைக்கும். கல் உருவாகிற சிலருக்கு அதை இந்தக் குணத்துக்காகவே கொடுப்பதும் உண்டு. உங்கள் அம்மா விஷயத்தில் என்ன ஆகிறதென்றால், வரவு கூடிக்கொண்டே போகும்போது செலவு வாசலையும் இந்த மாத்திரை பாதி மூடிவிடுகிறது. போதாக்குறைக்கு, கால்சியம் கார்பனேட் வெறும் கால்சியம் மட்டுமல்ல, காரமும்கூட. கால்சியமும் காரமும் சேர்ந்து போனால் ரத்தத்தில் கால்சியமும் காரத்தன்மையும் ஒன்றாக ஏறி சிறுநீரகம் கெடும் நிலை ஒன்று உண்டு. முன்காலத்தில் வயிற்றுப் புண்ணுக்குப் பாலும் காரமும் மணிக்கணக்கில் கொடுத்த வைத்தியத்தில் பார்த்த நிலை அது. புதிய புண் மருந்துகள் வந்ததும் அரிதாகிப்போனது, எலும்புக்காக கால்சியம் கார்பனேட் மாத்திரை சாப்பிடும் வழக்கம் பரவிய பிறகு திரும்பவும் தென்பட ஆரம்பித்தது. அதனால்தான் சப்பும் மாத்திரையையும் சேர்த்து நிறுத்தச் சொன்னேன். நெஞ்செரிச்சலுக்கு கால்சியம் இல்லாத வேறு மருந்து இருக்கிறது, டாக்டரிடம் கேளுங்கள். பிரஷர் மாத்திரைக்கும் மாற்று உண்டு, ஆனால் அதை டாக்டர்தான் மாற்ற வேண்டும்.

ரிசல்ட் வந்ததும் எப்படிப் படிப்பது என்று சொல்கிறேன். கால்சியம் நார்மலாக 8.5 முதல் 10.5 வரை. ரத்தக் கால்சியத்தில் கிட்டத்தட்ட பாதி ஆல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொண்டு போவதால், ஆல்புமின் குறைவாக இருப்பவர்களிடம் மொத்தக் கால்சியம் பொய்யாகக் குறைத்துக் காட்டும். நாளைக்கு கால்சியம் 10.2, ஆல்புமின் 3.2 என்று வருகிறது என்று வையுங்கள். பார்த்தால் நார்மல்தான். ஆனால் ஆல்புமின் 4ஐ விட 0.8 குறைவு, அதை 0.8ஆல் பெருக்கினால் 0.64, அதைக் கூட்டினால் திருத்திய கால்சியம் 10.84. லேசாக ஏறியிருக்கிறது என்று அர்த்தம். சந்தேகம் இருந்தால் அயனைஸ்டு கால்சியம் என்று தனியாகக் கேட்டுப் பார்க்கலாம், அதுதான் துல்லியம். 12 வரை என்றால் மாத்திரைகளை நிறுத்தி, நிறையத் தண்ணீர் குடிக்கவைத்து, சில நாளில் மறுபடி பார்த்தால் பெரும்பாலும் போதும் (இதய நோய் இருந்தால் தண்ணீர் அளவை டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்). 12க்கு மேல், அல்லது கிரியேட்டினினும் சேர்ந்து ஏறியிருந்தால், அட்மிட் பண்ணி டிரிப்ஸ் ஏற்றுவது நல்லது. 14ஐத் தாண்டினால் எமர்ஜென்சி, அதில் பேச்சே இல்லை.

பி.டி.எச். எதற்கு என்று லேபில் கேட்பார்கள், விலக்கிவிடாதீர்கள். கால்சியம் கூடுதலாக இருப்பதற்குக் காரணம் மாத்திரைதான் என்றால் பாராதைராய்டு சுரப்பி வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும், அதாவது பி.டி.எச். நன்றாகத் தாழ்ந்திருக்க வேண்டும். கால்சியம் ஏறியும் பி.டி.எச். நார்மலாகவோ கூடுதலாகவோ இருந்தால், குற்றவாளி மாத்திரை மட்டும் இல்லை, அந்தச் சுரப்பியிலேயே ஒரு கட்டி இருக்கக்கூடும். 50 வயது தாண்டிய பெண்களிடம் இது அரிய விஷயம் இல்லை. மாத்திரையின் மேல் பழியைப் போட்டுவிட்டு இதைத் தவறவிடுவது எளிது. கால்சியம் உயர்ந்து பி.டி.எச். தாழ்ந்திருந்தால்தான் மாத்திரைக் கதை உறுதி.

டி.எஸ்.எச். கேட்டதற்கும் காரணம் உண்டு. தைராய்டு மாத்திரையைக் காலையில் சாப்பிடுகிறார், கால்சியத்தையும் காலையில் சாப்பிடுகிறார். இரண்டும் வயிற்றில் சந்தித்தால் தைராக்சின் கால்சியத்தோடு ஒட்டிக்கொண்டு ரத்தத்துக்குள் போகாமலேயே வெளியேறும். நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். அதனால் அவருடைய சோர்விலும் மலச்சிக்கலிலும் ஒரு பங்கு தைராய்டு குறைவினாலும் வந்திருக்கலாம். ஒன்றை மட்டும் கண்டுபிடித்து நிம்மதியாகிவிடக்கூடாது. ஆனால் டி.எஸ்.எச். கூடியிருந்தால் உடனே தைராய்டு மாத்திரையை ஏற்ற வேண்டாம். கால்சியம் நின்றாலே பழைய டோஸ் முழுதாக வேலை செய்யத் தொடங்கும், ஆறு முதல் எட்டு வாரம் கழித்துத் திரும்பப் பார்த்து முடிவு செய்யட்டும்.

இன்னொன்று, நிறுத்திய மறுநாளே எல்லாம் இறங்கிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். வைட்டமின் சி, பி மாதிரி தண்ணீரில் கரைந்து போகிற வகை இல்லை இது. கொழுப்பில் சேர்ந்து கிடக்கும், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே வரும், 118 இறங்கச் சில மாதம் ஆகும். அதுவரை கால்சியத்தை முதலில் வாரம் ஒரு தடவையும், பிறகு மாதம் ஒரு தடவையும் பார்க்க வேண்டும். டி அளவை மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் போதும்.

'நிறுத்தினால் எலும்பு தேய்ந்துவிடுமா' என்ற கேள்விக்கு வருகிறேன். தேய்ந்துவிடாது. அளவுக்கு மீறிப் போனால் உங்கள் அம்மா நினைப்பதற்கு நேர் எதிராக நடக்கவும் கூடும். எலும்பு, கொட்டக் கொட்ட நிரம்பும் பாத்திரம் இல்லை. பழைய எலும்பை அரித்துப் புதியதைக் கட்டும் செல்கள் அதில் ஓயாமல் வேலை செய்கின்றன. கால்சியம் அந்தக் கட்டுமானத்துக்குச் சரக்கு மட்டும்தான், சரக்கைக் கூடுதலாக இறக்கினால் கட்டுகிறவர்கள் கூடிவிட மாட்டார்கள். தேவைக்கு மேல் போனது சிறுநீரில் இறங்கும், வழியில் கல்லாகவும் மாறும். அதிலும் டி மிக அதிகமானால் அது எலும்பை அரிக்கும் செல்களையும் முடுக்கிவிடும், அப்போது எலும்பிலிருந்தே கால்சியம் ரத்தத்துக்கு வரும்.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 70 வயது தாண்டிய 2,256 பெண்களில் பாதிப் பேருக்கு வருடத்துக்கு ஒரே தடவை 5,00,000 யூனிட் வைட்டமின் டி கொடுத்தார்கள். 2010இல் முடிவு வந்தபோது, டி எடுத்தவர்கள்தான் அதிகம் விழுந்திருந்தார்கள், எலும்பு முறிவும் அவர்களிடம்தான் அதிகம். கனடாவில் மூன்று வருடம் தினம் 400, 4000, 10,000 என்று மூன்று குழுவாகப் பிரித்துக் கொடுத்துப் பார்த்தார்கள், 2019இல் வந்த முடிவில் 10,000 குழுவின் எலும்பு அடர்த்தி 400 குழுவைவிடக் குறைந்திருந்தது. உங்கள் அம்மாவின் தினசரிக் கணக்கு எவ்வளவு வந்தது என்று மேலே ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். கால்சியத்துக்கு வந்தால், அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற 36,282 பெண்களிடம் ஏழு வருடம் நடந்த ஆய்வில் தினம் 1000 மி.கி. கால்சியமும் 400 யூனிட் டியும் கொடுத்ததில் இடுப்பெலும்பு அடர்த்தி இம்மியளவு கூடியது, முறிவு நிச்சயமாகக் குறைந்தது என்று சொல்ல முடியவில்லை, சிறுநீரகக் கல் 17 சதவீதம் கூடியது. இதய ரத்தக்குழாயில் கால்சியம் படியுமா என்று நிறையப் பேர் கேட்பார்கள். அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை, ஆய்வுகள் இரு பக்கமும் இருக்கின்றன. சாப்பாட்டில் வரும் கால்சியத்தின் மேல் அந்தச் சந்தேகம் பெரிதாக இல்லை என்பது மட்டும் போதுமான தகவல் என்று நினைக்கிறேன்.

முழங்கால் வலிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த வயதில் வரும் மூட்டு வலி பெரும்பாலும் குருத்தெலும்பு தேய்வதால் வருவது. கால்சியம் அதை ஒட்டவைக்காது. உண்மையில் எலும்பு எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால், 66 வயதுப் பெண்ணுக்கு எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்சா ஸ்கேன் எடுக்க வேண்டும், வைட்டமின் டி டெஸ்ட் அதைச் சொல்லாது. அந்த ஸ்கேனில் டி-ஸ்கோர் என்று ஓர் எண் வரும், அதற்கும் வைட்டமின் டிக்கும் சம்பந்தமில்லை. அது மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே என்றால் எலும்புப்புரை, அதற்குத் தனி மருந்துகள் உண்டு, கால்சியம் அவற்றுக்குத் துணை மட்டும்தான்.

அப்படியானால் இந்த மாத்திரைகள் யாருக்குமே வேண்டாமா? வேண்டும், கண்டிப்பாக வேண்டியவர்கள் இருக்கிறார்கள். இதைப் படித்துவிட்டு அவர்கள் நிறுத்திவிடுவார்களோ என்பதுதான் எனக்கு உள்ள கவலை. தைராய்டு ஆபரேஷனில் பாராதைராய்டு சுரப்பிகளும் போய்விட்டவர்களுக்கு கால்சியமும் வீரியமான வைட்டமின் டியும் உயிர் மருந்து. ஒரு நாள் விட்டாலே உதடும் விரலும் மரத்து, கை இழுத்துக்கொள்ளும். எலும்புப்புரைக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்களுக்கு, குறிப்பாக டெனோசுமாப், சோலெட்ரோனிக் ஆசிட் ஊசி போடுபவர்களுக்கு, டி குறைபாட்டை முதலில் சரிசெய்யாமல் ஊசி போட்டால் கால்சியம் ஆபத்தாக இறங்கும். மூன்று மாதத்துக்கு மேல் ஸ்டீராய்டு சாப்பிடுபவர்கள், உடல் எடை குறைக்க வயிற்றில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாத குடல் நோய் உள்ளவர்கள், இவர்களுக்கும் தேவை. வயிற்று அமிலம் குறைந்தவர்களுக்கும் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிடுபவர்களுக்கும் கார்பனேட்டைவிட சிட்ரேட் நன்றாக உறிஞ்சப்படும்.

தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்குத் தினம் 400 யூனிட் சொட்டு மருந்து கொடுப்பதில் எனக்குத் தயக்கமே இல்லை, தாய்ப்பாலில் டி அந்த அளவுக்கு வராது. ஆனால் சொட்டுக் குப்பியின் வீரியம் பிராண்டுக்குப் பிராண்டு மாறும், ஒரு மில்லியில் 400 இருக்கிற குப்பியும் உண்டு, ஒரே சொட்டில் 400 இருக்கிற குப்பியும் உண்டு. குப்பியை மாற்றும்போது பழைய அளவையே கொடுத்து விபத்தாவது நடந்திருக்கிறது. வெயிலே படாமல் படுக்கையோடோ வீட்டோடோ இருக்கும் முதியவர்களுக்குத் தினம் 800 முதல் 1000 யூனிட், டெஸ்ட்கூட எடுக்காமல் கொடுக்கலாம். கர்ப்பிணிகளில் சாப்பாட்டில் கால்சியம் மிகக் குறைவாக உள்ளவர்களுக்குப் பேறுகால ரத்த அழுத்தத்தைத் தடுக்க கால்சியம் கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார அமைப்பு. கர்ப்பம் தரிக்கத் திட்டமிடும் பெண்ணுக்கு ஃபோலிக் ஆசிட் 400 மைக்ரோகிராம், கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே. மாமிசம், முட்டை, பால் எதுவும் தொடாதவர்களுக்கும், பல வருடம் மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கும் பி12. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் இந்தப் பட்டியலில் தன்னைத் தானே சேர்த்துக்கொள்ளக் கூடாது, அவர்களுடைய கால்சியம், டி கணக்கே வேறு, அதை சிறுநீரக டாக்டர்தான் போட வேண்டும்.

மற்ற வைட்டமின்களைப் பற்றி நீளமாகப் போக விரும்பவில்லை, இரண்டு மட்டும். கை கால் மரத்துப்போகிறது என்று நரம்பு மாத்திரையை மாதக்கணக்கில் தொடர்பவர்கள், அதில் பி6 எவ்வளவு என்று பாருங்கள். தேவை ஒன்றிரண்டு மில்லிகிராம். 100, 200 என்று நீண்ட நாள் போனால் அதுவே நரம்பைக் கெடுத்து மரமரப்பை உண்டாக்கும், மரமரப்புக்கு இன்னும் ஒரு மாத்திரை கூட்டுவார்கள், இந்த விசித்திரத்தை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். வைட்டமின் ஏ (ரெட்டினால் வகை) கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களில் தினம் 10,000 யூனிட்டைத் தாண்டினால் குழந்தைக்கு உறுப்புக் குறை ஏற்படலாம். மல்டிவைட்டமினோடு மீன் ஈரல் எண்ணெய் மாத்திரையும் சேர்த்துச் சாப்பிடும்போது அந்த அளவை எட்டுவது ஒன்றும் கஷ்டமில்லை.

உங்களுக்கு 39. கல்லோ, குடல் நோயோ, ஸ்டீராய்டோ, எலும்பு முறிவோ எதுவும் எழுதவில்லை, ஆகவே கால்சியம் மாத்திரை வேண்டாம். உங்கள் வயதுக்குத் தேவை 1000 மி.கி. ஒரு டம்ளர் பாலில், 250 மில்லி என்று வைத்துக்கொண்டால், 300 மி.கி. வரும். பாலோ தயிரோ இரண்டு வேளை போனால் மீதியில் பெரும்பகுதி மற்ற உணவுகளிலிருந்து வந்துவிடும். பால் ஒத்துக்கொள்ளாதவராக இருந்தால் எழுதுங்கள், அப்போது கணக்கு மாறும், பற்றாக்குறைக்கு மட்டும் ஒரு மாத்திரை எழுதுவேன், அதையும் ஒரு வேளைக்கு 500 மி.கி.க்கு மேல் வேண்டாம் என்பேன், அதற்கு மேல் ஒரே வேளையில் போனால் குடல் உறிஞ்சும் விகிதம் இறங்கிவிடும். வைட்டமின் டி டெஸ்ட்டை ஆசைக்கு எடுக்க வேண்டாம். தொந்தரவு இல்லாத, 75 வயதுக்குக் குறைந்த ஆரோக்கியமான பெரியவர்களுக்கு அதை வழக்கமாக எடுக்கத் தேவையில்லை என்று 2024இல் நாளமில்லாச் சுரப்பி நிபுணர்களின் சங்கமே சொல்லிவிட்டது. ரிப்போர்ட்டில் உள்ள எண்ணைப் பார்த்து, '24தான் இருக்கு' என்று பயந்து 60,000ஐ ஆரம்பிப்பதுதான் அந்த டெஸ்ட்டின் முக்கியமான பக்கவிளைவு.

அம்மாவுக்குத் திரும்ப எப்போது டி கொடுப்பது என்றால், கால்சியம் நார்மலாகி, டி அளவு 50க்குக் கீழே வந்த பிறகு. அப்போதும் தினம் 800 யூனிட் போதும், வாரக் கணக்கு வேண்டாம். கால்சியம் மாத்திரை தேவையா என்பதை, டெக்சா பார்த்துவிட்டு, சாப்பாட்டில் வரும் அளவையும் கழித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ரிசல்ட் வந்ததும் கால்சியம், ஆல்புமின், கிரியேட்டினின், பி.டி.எச். நான்கையும் படமெடுத்து அனுப்புங்கள். அந்த 60,000 யூனிட் அட்டையில் மீதி இருப்பதை, அம்மா கண்ணில் படாத இடத்தில் எடுத்து வைத்துவிடுங்கள்.